லேபிளில் இல்லாத பெயர்: சிவப்பு ஈஸ்ட் அரிசியின் வரலாறு

ஆவியில் வேகவைத்த அரிசியின்மீது மொனாஸ்கஸ் என்னும் பூஞ்சையை வளரவிட்டால், சில நாள்களில் அரிசி உட்புறம்வரை ஊதா கலந்த செந்நிறம் கொள்கிறது. உலர்த்திய அந்த அரிசிக்குச் சீனத்தில் ஹோங்சூ என்று பெயர், ஜப்பானில் பெனிகோஜி, சீன வணிகர் வழியே ஜாவாவின் சந்தைகளுக்குச் சென்றபோது அங்காக். ஆங்கிலம் இதனை 'சிவப்பு ஈஸ்ட் அரிசி' என மொழிபெயர்த்துக்கொண்டது. அந்த மொழிபெயர்ப்பிலேயே ஒரு பிழை உண்டு. மொனாஸ்கஸ் ஈஸ்ட் அன்று. இழைகளாகப் படரும் பூஞ்சை. 'சூ' என்ற சீனச் சொல், தானியத்தின்மீது நுண்ணுயிர் வளர்த்துப் பெறப்படும் எல்லா வகை நொதிமுதலுக்கும் உரிய பொதுப்பெயர். ஐரோப்பியருக்குப் பழக்கமான நொதிமுதல் ஈஸ்ட் ஒன்றே ஆதலால், அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. தமிழில் இப்பெயரைக் கேட்போர் இன்னொரு குழப்பத்துக்கும் ஆளாகலாம். மாப்பிள்ளைச் சம்பா போன்ற சிவப்பரிசிகளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அவற்றின் சிவப்பு தவிட்டில் இருப்பது. இதன் சிவப்பு பூஞ்சை உண்டாக்கியது.

பெயர்கள் இங்கு வெறும் அலங்காரமல்ல. கொழுப்பைக் குறைக்கும் 'இயற்கை' மாத்திரையாக இந்த அரிசி விற்கப்பட்ட கடந்த முப்பதாண்டு வரலாற்றில், எந்தப் பொருளுக்கு எந்தப் பெயர் என்ற கேள்வியே மீண்டும் மீண்டும் தீர்மானமான இடத்தில் நின்றிருக்கிறது.

விளம்பரங்கள் தவறாமல் நினைவூட்டும் பழமை உண்மையானதே. 1596இல் வெளிவந்த லீ ஷீசனின் மருந்துப்பொருள் தொகுப்பில் ஹோங்சூவுக்கு இடமுண்டு. 1637இல் சொங் யிங்சிங் எழுதிய தொழில்நுட்ப நூல், இதனைச் செய்யும் முறையை விவரித்து, மீனையும் இறைச்சியையும் கோடையில் கெடாமல் காக்கும் இதன் ஆற்றலை வியக்கிறது. ஆனால் அந்த நெடிய பழக்கம் பெரும்பாலும் நிறத்துக்காகவும் மதுவுக்காகவும் பதப்படுத்தலுக்காகவும் ஏற்பட்டது. செரிமானத்துக்கும் குருதியோட்டத்துக்கும் நல்லது என்று பழைய மருத்துவம் சொன்னது. கொலஸ்டிரால் என்ற கருத்தே அப்போது இல்லை. பூஞ்சையை வளர்த்தவர்களும் நல்ல சிவப்பு தருகிற வகையையே தேர்ந்தெடுத்து வந்தார்கள். மீன்மீது தூவிய ஒரு சிட்டிகை நிறப்பொடியின் பழமையை, குறிப்பிட்ட ஒரு வேதிப்பொருள் மிகுமாறு வளர்த்து நாள்தோறும் கிராம் கணக்கில் விழுங்கும் மாத்திரைக்குச் சான்றாகக் காட்டுவது வரலாற்று வாதமாகாது.

அந்த வேதிப்பொருளின் கதை ஜப்பானில் தொடங்குகிறது. சாங்க்யோ மருந்து நிறுவனத்தில் பணியாற்றிய அகிரா எண்டோ, 1971இல் ஒரு தேடலில் இறங்கினார். நம் உடலின் கொலஸ்டிராலில் பெரும்பகுதி கல்லீரல் முதலிய உறுப்புகளில் உண்டாக்கப்படுவது. அந்த உற்பத்தியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மையப் படியில் ஹெச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸ் என்னும் நொதி இருக்கிறது. இந்த நொதியைத் தடுக்கும் பொருள் ஏதேனும் ஒரு பூஞ்சையில் இருக்கும் என்று எண்டோ ஊகித்தார். ஏறத்தாழ 6,000 நுண்ணுயிர்களை அவரது குழு சோதித்தது.

முதலில் கையில் சிக்கியது சிட்ரினின். அது நொதியை வலுவாகத் தடுத்தது. எலிகளின் கொலஸ்டிராலையும் குறைத்தது. ஆனால் சிறுநீரகத்துக்கு நஞ்சாக இருந்தது. ஆகவே கைவிடப்பட்டது. இந்தச் சிட்ரினினை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இக்கதையில் அது மீண்டும் வரும். அடுத்து, கியோட்டோவின் தானியக் கடையொன்றின் அரிசியிலிருந்து பெறப்பட்ட நீலப்பச்சைப் பூஞ்சையான பெனிசிலியம் சிட்ரினத்திலிருந்து 1973இல் காம்பாக்டின் கிடைத்தது. உலகின் முதல் ஸ்டாட்டின் அதுவே.

1978இன் இறுதியில் எண்டோ சாங்க்யோவை விட்டு டோக்கியோவின் வேளாண், தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1979இல் மொனாஸ்கஸ் ரூபர் என்னும் பூஞ்சையிலிருந்து இன்னொரு தடுப்பானைப் பிரித்தெடுத்து, பூஞ்சையின் பெயரையொட்டி மொனாகோலின் கே என்று பெயரிட்டார். அதே காலத்தில் அமெரிக்காவின் மெர்க் நிறுவனம், ஆஸ்பர்ஜில்லஸ் டெரியஸ் என்னும் வேறொரு பூஞ்சையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து மெவினோலின் என்று அழைத்தது. ஒப்பிட்டுப் பார்த்தபோது இரண்டும் ஒரே மூலக்கூறு. மருந்தாக வளர்ந்தபோது அதற்கு லோவாஸ்டாட்டின் என்ற மூன்றாம் பெயர் சூட்டப்பட்டது. 1987இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ அதற்கு ஒப்புதல் அளித்தது. அந்நாட்டில் விற்பனைக்கு வந்த முதல் ஸ்டாட்டின் அதுதான். ஆக, மருந்துக்கடையின் லோவாஸ்டாட்டினும் சிவப்பு ஈஸ்ட் அரிசியின் மொனாகோலின் கேயும் 'ஒத்தவை' அல்ல, ஒன்றே. அரிசி வேலை செய்கிறதென்றால் இதனால்தான் வேலை செய்கிறது. தசைவலி, கல்லீரல் நொதி உயர்வு முதலிய பக்கவிளைவுகளும் அதே வாயில் வழியாகவே வருகின்றன.

ஒரே பொருள் மருந்தாகவும் உணவாகவும் இருக்க முடியுமா? இக்கேள்வி 1990களின் இறுதியில் அமெரிக்க நீதிமன்றத்துக்கு வந்தது. உணவுத் துணைப்பொருள்களுக்கான 1994ஆம் ஆண்டுச் சட்டம், அவற்றை மருந்துக்குரிய கடும் சோதனைகளிலிருந்து விடுவித்திருந்தது. அதன் நிழலில் பார்மானெக்ஸ் என்ற நிறுவனம் 'கொலஸ்டின்' என்ற பெயரில் சிவப்பு ஈஸ்ட் அரிசியை மாத்திரைகளாக விற்றது. எஃப்டிஏ 1998 மே மாதத்தில், இது ஒப்புதல் பெறாத மருந்து என்று முடிவுசெய்தது. சட்டத்தில் ஒரு விலக்கு விதி இருந்தது: புதிய மருந்தாக ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற ஒரு 'ஆர்ட்டிகிள்', அதற்கு முன்பே உணவாகவோ துணைப்பொருளாகவோ சந்தையில் இருந்திருந்தாலன்றி, பின்னர் துணைப்பொருளாக விற்கப்படலாகாது.

வழக்கு முழுவதும் அந்த ஒரு சொல்லின் பொருளைச் சுற்றியே நடந்தது எனலாம். 'ஆர்ட்டிகிள்' என்பது ஒப்புதல் பெற்ற முழு மாத்திரையைக் குறிக்கும் என்றது நிறுவனம். அப்படியானால் ஒப்புதல் பெற்றது லோவாஸ்டாட்டின் மாத்திரை; கொலஸ்டினோ அரிசி; இரண்டும் வேறு. அச்சொல் மாத்திரைக்குள் இருக்கும் செயல்படு மூலக்கூறையும் குறிக்கும் என்றது எஃப்டிஏ. அப்படியானால் அரிசிக்குள் இருப்பதும் ஒப்புதல் பெற்ற மருந்தே. 1999இல் யூட்டா மாவட்ட நீதிமன்றம் நிறுவனத்தின் பொருளை ஏற்றது. 2000இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டத்தின் சொல் இருபொருள்படுகிறது, அந்நிலையில் எஃப்டிஏயின் விளக்கம் ஏற்கத்தக்கதே என்று தீர்ப்பை மாற்றியது. வழக்கு கீழ்நீதிமன்றத்துக்குத் திரும்பி, 2001இல் எஃப்டிஏவுக்குச் சாதகமாக முடிந்தது. சுவையான பின்குறிப்பு ஒன்று: கொலஸ்டின் என்ற வணிகப்பெயர் அதன் பிறகும் கடைகளில் இருந்தது, உள்ளே இருந்த சரக்குதான் மாற்றப்பட்டது.

சட்டம் வென்றது, ஆனால் விளைவு விசித்திரமானது. மொனாகோலின் கே எவ்வளவு இருக்கிறது என்று லேபிளில் எழுதினால் அது மருந்து, விற்க முடியாது. எழுதாமல் 'சிவப்பு ஈஸ்ட் அரிசி 1,200 மில்லிகிராம்' என்று மட்டும் எழுதினால் அது அரிசி. வாங்குபவர் எதற்காக வாங்குகிறாரோ அந்த ஒன்றைச் சொல்லாமலிருப்பதே விற்பவருக்குப் பாதுகாப்பு. இந்த மௌனத்தின் அளவை 2017இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அமெரிக்கக் கடைகளிலிருந்து 28 வணிகப்பெயர்களை வாங்கிச் சோதித்தபோது, இரண்டில் மொனாகோலின் கே கண்டறியப்படவேயில்லை. மற்றவற்றில் 1,200 மில்லிகிராம் அரிசிக்கு 0.09 முதல் 5.48 மில்லிகிராம்வரை இருந்தது. அறுபது மடங்கு வேறுபாடு. எந்த லேபிளிலும் அந்த அளவு குறிக்கப்பட்டிருக்கவில்லை.

இந்த எண்களை ஒருவரது கையில் வைத்துப் பார்க்கலாம். நாளொன்றுக்கு 2,400 மில்லிகிராம் அரிசி உட்கொள்பவர் என்று கொள்வோம். அவர் வாங்கியது பட்டியலின் கீழ்முனைப் புட்டி என்றால், உட்கொள்வது 0.18 மில்லிகிராம் மொனாகோலின்; ஒன்றும் நிகழாது, பணம் மட்டும் போகும். அடுத்த மாதம் கடையில் அது தீர்ந்துபோய், பக்கத்திலிருந்த மேல்முனைப் புட்டியை எடுத்தால் ஏறக்குறைய 11 மில்லிகிராம். லோவாஸ்டாட்டினை மருத்துவர் எழுதும்போது வழக்கமான தொடக்க அளவு 20 மில்லிகிராம், சிலருக்கு 10. அதாவது, லேபிளில் ஒரெழுத்தும் மாறாமலேயே அவர் ஒரு மாதத்தில் வெறும் அரிசியிலிருந்து மருந்தின் அளவுக்குத் தாவிவிடுகிறார். ஸ்டாட்டினால் தசைவலி வந்து, அதைக் கைவிட்டு 'மூலிகைக்கு' மாறியவர் அவர் என்றால், விட்டுவந்த மருந்தின் வகையையே வேறு பெயரில் விழுங்குகிறார்.

இடர் இன்னும் ஒரு படி ஆழமானது. லோவாஸ்டாட்டினை உடலிலிருந்து அகற்றும் பணியின் பெரும்பகுதியைக் கல்லீரலிலும் குடலிலும் உள்ள சிஒய்பி3ஏ4 என்ற நொதி செய்கிறது. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக், இட்ராகொனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்து, திராட்சைக்குத் தொடர்பற்ற 'கிரேப்ஃபுரூட்' என்னும் பெரிய எலுமிச்சையினப் பழம் ஆகியவை அந்த நொதியை முடக்கும். அப்போது சிறிய அளவும் குருதியில் பெருகி நிற்கும். உறுப்பு மாற்றம் பெற்றோர் உண்ணும் சைக்ளோஸ்போரினும் ஸ்டாட்டினின் அளவை இவ்வாறே உயர்த்துவது. 2002இல் மருத்துவ இதழொன்றில் பதிவான ஒரு நிகழ்வு இதற்கு எடுத்துக்காட்டு. சிறுநீரக மாற்றம் பெற்ற ஒருவர் சிவப்பு ஈஸ்ட் அரிசி கலந்த மூலிகைத் தயாரிப்பை உட்கொண்டுவந்தார். அவரது தசைநார்கள் சிதையத் தொடங்கின. தயாரிப்பை நிறுத்தியதும் நிலை சீரானது. இத்தகைய நோயாளியிடம் மருத்துவர் 'என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்' என்று கேட்டால், அரிசி அந்தப் பட்டியலில் வராது. கேள்வியும் விடையும் ஒரே சொல்லை வெவ்வேறு பொருளில் ஆள்கின்றன.

எல்லை எதிர்த்திசையிலும் கடக்கப்பட்டதுண்டு. அதற்கு இந்தியாவே சான்று. ஜி.வி. சத்தியவதி பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் 1966இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வு, சுசுருத சங்கிதையின் குறிப்பொன்றைத் தொடர்ந்து, குக்குலு மரப்பிசின் கொழுப்பைக் குறைக்கிறதா என்று சோதித்தது. அந்த வழியில் வளர்ந்த குக்குலிபிட் 1980களின் பின்பகுதியில் இந்தியாவில் மருந்தாகவே ஒப்புதல் பெற்றது. அமெரிக்காவில் அதுவே துணைப்பொருளாக விற்கப்பட்டது. 2003இல் அங்கே 103 பேரிடம் எட்டு வாரம் நடந்த ஆய்வில் எல்டிஎல் கொலஸ்டிரால் குறையவில்லை, சற்றே கூடியது. சிலருக்குத் தோலில் தடிப்பு ஏற்பட்டது. ஓரிடத்து மருந்து இன்னோரிடத்தில் உணவாவதும், ஓரிடத்து உணவு இன்னோரிடத்தில் மருந்தாவதும் மூலக்கூறால் தீர்மானிக்கப்படுவதில்லை.

இதுவரை சொன்னவை தெரிந்த பொருளின் இடர்கள். மொனாஸ்கஸ் இனங்களில் சில, மொனாகோலினோடு சிட்ரினினையும் உண்டாக்குகின்றன. ஆம், எண்டோ 1972இல் சிறுநீரக நஞ்சென்று ஒதுக்கிய அதே பொருள். 2010இல் அமெரிக்காவில் பரிசோதிக்கப்பட்ட 12 தயாரிப்புகளில் நான்கில் அது காணப்பட்டது. ஆய்வுக்கூடத்திலிருந்து துரத்தப்பட்ட நஞ்சு, அரிசி வழியாகக் கடைக்குள் வந்துவிட்டிருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு உச்சவரம்பு விதித்து, பின்னர் அதனைக் கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் என்று இறுக்கியது. கவனமுள்ள உற்பத்தியாளர்கள் சிட்ரினின் இல்லாத பூஞ்சையைத் தேடினார்கள். ஜப்பானின் கோபயாஷி மருந்து நிறுவனம் மொனாஸ்கஸ் பைலோசஸ் என்ற இனத்தைப் பயன்படுத்தியது. சிட்ரினினை உண்டாக்கும் மரபணுக்களே அதில் இல்லை என்பது ஆய்வில் காட்டப்பட்டிருந்தது. தெரிந்த நஞ்சுக்கு எதிரான கதவு நன்றாகவே அடைக்கப்பட்டிருந்தது என்று சொல்ல வேண்டும்.

அந்நிறுவனத்தின் 'பெனிகோஜி கொலெஸ்தே ஹெல்ப்' மாத்திரை, 2015இல் ஜப்பான் தொடங்கிய 'செயற்பாட்டுக் கூற்றுடைய உணவு' என்ற வகைக்குள் விற்கப்பட்டது. இவ்வகையில் அரசின் முன் ஒப்புதல் தேவையில்லை. நிறுவனம் சான்றுகளை அரசிடம் தெரிவித்தால் போதும். லேபிளில் செயல்படு கூறின் பெயர் 'அரிசி பெனிகோஜி பாலிகீடைடு' என்று இருந்தது. பாலிகீடைடு என்பது மொனாகோலின் கே உட்பட எண்ணற்ற பொருள்கள் அடங்கிய பெருங்குடும்பத்தின் பெயர். ஒருவரை ஊர்ப்பெயரால் அழைப்பது போன்றது அது: பொய்யில்லை, அடையாளமும் இல்லை.

2024 ஜனவரி நடுவில் ஒரு மருத்துவரிடமிருந்து நிறுவனத்துக்குத் தகவல் வந்தது: இந்த மாத்திரையை உண்டவருக்குச் சிறுநீரகக் கோளாறு. அடுத்தடுத்து மேலும் வந்தன. நோயாளிகளிடம் கண்ட அடையாளம் குறிப்பிட்டுச் சொல்லத்தக்கது. இரத்தச் சர்க்கரை இயல்பாக இருக்க, சிறுநீரில் சர்க்கரை போனது. குருதியில் பொட்டாசியமும் பாஸ்பேட்டும் யூரிக் அமிலமும் தாழ்ந்திருந்தன. சிறுநீரகத்தின் வடிகட்டியைக் கடந்து செல்லும் சத்துகளை மீட்டெடுக்கும் அண்மைக் குழல்கள் பழுதானால் தோன்றும் தோற்றம் இது. ஃபேன்கோனி நோய்க்குறி என்பர். ஸ்டாட்டினின் வழக்கமான தீங்கு தசையில்தான் தெரியும். ஆகவே இங்கே குற்றவாளி மொனாகோலினாக இருக்க இயலாது என்பதை நோயே சுட்டியது. சிட்ரினினும் தேடப்பட்டது; இல்லை.

மார்ச் 22 அன்று நிறுவனம் பொருளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அம்மாத இறுதிக்குள் ஐந்து மரணங்கள் அறிவிக்கப்பட்டன. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோர் நூற்றுக்கணக்கானோர். ஜூன் மாத இறுதியில், இன்னும் பல பத்து மரணங்களை ஆராய்ந்து வருவதாக நிறுவனம் ஒப்புக்கொண்டது. இம்மரணங்கள் ஒவ்வொன்றுக்கும் மாத்திரையே காரணம் என்று நிறுவப்பட்டதாகக் கொள்ளக் கூடாது.

வேதியியலாளர்கள் பாதிப்புக்குரிய தொகுதிகளையும் மற்றவற்றையும் பகுப்பாய்வுக் கருவியில் ஒப்பிட்டபோது, இருக்கக்கூடாத ஒரு முகடு வரைபடத்தில் எழுந்தது. அப்பொருள் பியூபெருலிக் அமிலம் என்று அடையாளம் காணப்பட்டது. 1930களிலேயே ஒரு பெனிசிலியம் பூஞ்சையிலிருந்து பிரிக்கப்பட்டு அறியப்பட்டது அது. உணவில் அதனைத் தேட வேண்டும் என்று எவருக்கும் தோன்றியிருக்கவில்லை. எலிகளுக்குக் கொடுத்தபோது சிறுநீரகக் குழல்கள் சிதைந்தன. செப்டம்பரில் ஜப்பானியச் சுகாதார அமைச்சகம் முடிவை வெளியிட்டது. ஆலையிலிருந்து பெனிசிலியம் அடாமெட்சியாய்டிஸ் என்ற நீலப்பூஞ்சை எடுக்கப்பட்டிருந்தது; அரிசிக் கலவையில் அது கலந்து வளர்ந்ததே பியூபெருலிக் அமிலம் உண்டாகக் காரணம். மொனாஸ்கஸோடு சேர்த்து வளர்த்த சோதனையிலும் அவ்வாறே நிகழ்ந்தது. இன்னும் நுட்பமான செய்தி: வேறு இரு புதிய பொருள்களும் அகப்பட்டன. அவை மொனாகோலின் கேயை நீலப்பூஞ்சை மாற்றியமைத்ததால் பிறந்தவை.

எப்படி நுழைந்தது நீலப்பூஞ்சை? மொனாஸ்கஸ் மெதுவாக வளர்வது. ஈரமும் வெதுவெதுப்பும் நிறைந்த அரிசி, வேகமாக வளரும் எந்தப் பூஞ்சைக்கும் விருந்து. சோயா குழம்புக்கும் சாக்கேக்கும் பயன்படும் சாதாரணக் கோஜி இரண்டு நாளில் முடிந்துவிடும். மொனாகோலினை மிகுவிக்க வேண்டுமானால் வாரக்கணக்கில் வளர்க்க வேண்டும். காத்திருப்பு நீள நீள, அழையாத விருந்தாளிக்கு வாய்ப்பும் நீளும். பழைய நிறப்பொடிக்கும் புதிய மாத்திரைக்கும் உள்ள இடைவெளி இங்கேயும் தெரிகிறது. வெளியாரைக் கொண்டு நடத்தப்பட்ட விசாரணையின் அறிக்கை 2024 ஜூலையில் வெளியாயிற்று. ஒசாகா ஆலையின் வளர்ப்புத் தொட்டி மூடியின் உட்புறத்தில் நீலப்பூஞ்சை ஒட்டியிருந்ததைப் பணியாளர் முன்பே கண்டு தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்குச் சொல்லியிருந்தார்; ஓரளவு நீலப்பூஞ்சை கலக்கத்தான் செய்யும் என்பதே கிடைத்த மறுமொழி. இறுதிப் பொருளின் சோதனையிலும் அது பிடிபட வழியில்லை. சோதனை, தேடச் சொன்ன பொருளை மட்டுமே தேடும்: மொனாகோலின் போதிய அளவா, சிட்ரினின் இல்லையா. இரண்டுக்கும் அந்தத் தொகுதி சரியான விடையே அளித்திருக்கும்.

ஜனவரி நடுவில் வந்த முதல் தகவலுக்கும் மார்ச் 22க்கும் இடையில் இரண்டு மாதத்துக்கு மேல் கழிந்திருந்தன. அக்காலத்தில் கடைகளில் மாத்திரை விற்றுக்கொண்டிருந்தது. மருந்தாக இருந்திருந்தால் பக்கவிளைவை அரசுக்கு அறிவிக்கும் கடமை இருந்திருக்கும். உணவாக இருந்ததால் கட்டாயம் இல்லை. 2024 செப்டம்பர் முதல் இவ்வகை உணவுகளுக்கும் ஜப்பான் அதனைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2022லேயே வேறு வழியில் சென்றிருந்தது: நாளொன்றுக்கான அளவில் மொனாகோலின் 3 மில்லிகிராமுக்குக் கீழ் இருக்க வேண்டும், அந்த அளவு லேபிளில் எழுதப்பட வேண்டும், கொலஸ்டிரால் மருந்து உண்போரும், கருவுற்றோரும், பதினெட்டு வயது நிறையாதோரும், எழுபது கடந்தோரும் உண்ணலாகாது என்ற எச்சரிக்கையும் இருக்க வேண்டும். எண்டோ 2024 ஜூன் 5 அன்று தம் தொண்ணூறாம் வயதில் காலமானார். அப்போது ஒசாகா விசாரணை முடிந்திருக்கவில்லை. பியூபெருலிக் அமிலம் இன்னும் சந்தேகத்துக்குரிய பொருளாகவே செய்தித்தாள்களில் பேசப்பட்டுக்கொண்டிருந்தது.